புது நம்பர், பழைய சொந்தக்காரர்

தஞ்சாவூரில் புது சிம் கார்டு வாங்கிய மறுநாளே ஒரு போன். "அண்ணே, அறுப்பு மிஷின் நாளைக்கு நம்ம வயலுக்கு வருமா?" ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மாலையில் ஒரு எஸ்.எம்.எஸ். யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் பணம் வரவு! அப்போதுதான் புரிந்தது. இந்த நம்பரை முன்பு வைத்திருந்தவர் வங்கியில் அதை மாற்றவே இல்லை.

துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தரக்கூடாது என்பது விதி. 2023-ல் இது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், தகவலைப் பாதுகாத்துக் கொள்ள வேண்டியது பழைய சந்தாதாரர்தான் என்றது. என்னைக் கேட்டால் 90 நாள் போதாது. சம்பா நெல் வீடு வரவே நான்கைந்து மாதம் ஆகிறது. அறுவடைக்கு அறுவடை வங்கிக்குப் போகிறவருக்கு நம்பர் கைமாறியதே தெரியாது.

மூன்றாம் நாள் பழைய சொந்தக்காரர் என்று ஒருவர் பேசினார். "தம்பி, இப்ப ஓ.டி.பி. வரும், கொஞ்சம் சொல்லுங்க." மறுத்துவிட்டேன். பேசுவது அவர்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? பாஸ்புக், ஆதாருடன் வங்கிக் கிளைக்கே போய் நம்பரை மாற்றச் சொன்னேன். கோபித்துக் கொண்டார். ஆனால் ஒரு வாரத்தில் எஸ்.எம்.எஸ். நின்றுவிட்டது.

நீங்கள் சிம்மை விடுவதாக இருந்தால், அது வேலை செய்யும்போதே வங்கி, கேஸ், இ-மெயில் மூன்றிலும் நம்பரை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் Change number கொடுங்கள். பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வரும் வரைதான் இது சுலபம்.