பூஜ்யத்தில் தொடங்காத தூண்

டோம்பிவிலியில் நண்பர் ஒருவர் சென்ற வாரம் ஓர் ஆய்வறிக்கையின் பக்கத்தைக் காட்டி, "தமிழ் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதே!" என்று வருந்தினார். படத்தில் இரண்டு தூண்கள் இருந்தன. 2011ஆம் ஆண்டின் தூண், 2001ஆம் ஆண்டினதன் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே நின்றது.

எண்களில் பிழை இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 2001இல் 5.91 விழுக்காடு; 2011இல் 5.70 விழுக்காடு. பிழை அச்சில் இருந்தது. அது பூஜ்யத்தில் தொடங்காமல் 5.6இல் தொடங்கியது. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த உயரங்கள் 0.31, 0.10 என்பவை மட்டுமே. தூண் வரைபடத்தில் நாம் நீளத்தையே அளவாகக் கொள்கிறோம். அடியை வெட்டினால் விகிதம் பொய்யாகிவிடும்.

வரைந்தவரின் நோக்கத்தை நான் ஐயுறவில்லை. எண்கள் நெருக்கமாக இருந்தால், எக்செல் போன்ற மென்பொருள் அச்சைத் தானாகவே இடையில் தொடங்கிவிடும். அதைத் திருத்துவது வரைபவரின் கடமை. பத்து சென்டிமீட்டரை ஆறு விழுக்காடாகக் கொண்டு பூஜ்யத்திலிருந்து வரைந்து பார்த்தேன். தூண்களின் உயரம் 9.85, 9.5 சென்டிமீட்டர், வேறுபாடு மூன்றரை மில்லிமீட்டர். சிறு மாற்றத்தைக் காட்டியே ஆகவேண்டுமெனில் தூண்களை விட்டுப் புள்ளிகளைப் பயன்படுத்தலாம். புள்ளி நீளத்தைக் குறிப்பதன்று, இடத்தைக் குறிப்பது. அதன் அச்சு எங்குத் தொடங்குகிறது என்பதைத் தெளிவாக எழுதினால் போதும்.

பங்குடன் எண்ணிக்கையையும் தருதல் வேண்டும். அதே பத்தாண்டில் தமிழ் பேசுவோர் 6.08 கோடியிலிருந்து 6.90 கோடியாக, ஏறத்தாழ 13.5 விழுக்காடு, பெருகினர். நாட்டின் மக்கள்தொகையோ 17.7 விழுக்காடு பெருகியது. பங்கு குறைந்ததற்கு இந்த வேகவேறுபாடே காரணம்.

அடுத்த பக்கத்தில் அட்டவணை மொழிகள் இருபத்திரண்டும் ஒரே வட்ட வரைபடத்தில் நெருக்கப்பட்டிருந்தன. மராத்தி 6.86, தெலுங்கு 6.70, கோணத்தில் அரைப் பாகைக்குச் சற்றே மிகுந்த வேறுபாடு. எந்தக் கண் அதைக் காணும்? 24,821 பேர் கூறிய சமஸ்கிருதத்துக்கு மயிரிழையும் கிடைக்காது. பொது அளவுகோலில் அமைந்த இடத்தைக் கோணத்தைவிடத் துல்லியமாக மதிப்பிடுகிறோம் என்று கிளீவ்லாந்தும் மெக்கில்லும் 1984இலேயே காட்டினர். எனவே கிடைமட்டப் பட்டைகளை இறங்குவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் முனையிலும் எண்ணை எழுதலாம். ஒரு விழுக்காட்டுக்குக் கீழுள்ள மொழிகளைத் தனி அட்டவணையாகத் தரலாம். இந்த இருபத்திரண்டும் சேர்ந்து 96.71 விழுக்காடே, எஞ்சிய 3.29ஐ 'பிற மொழிகள்' எனக் காட்டாவிடில் ஏனைய துண்டுகள் யாவும் சற்றே ஊதிப்போகும்.

தமிழின் பங்கு குறைந்தது உண்மை. அதைப் பன்மடங்காக்கிக் காட்டும் படம் நம் கவலைக்கு வலுச் சேர்ப்பதில்லை. அச்சைக் கவனிக்கும் முதல் வாசகர் படத்தோடு கவலையையும் தள்ளிவிடுவார். நமக்கு உவப்பான முடிவைச் சொல்லும் படத்தையே நாம் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.