புகார் வரும்வரை காத்திருப்பது ஏன்?



எங்கள் ஊர் கடைவீதியில் ஒரு நிதி நிறுவனம் திறந்திருக்கிறார்கள். ஒரு லட்சம் போட்டால் மாதம் 8,000 ரூபாய் வட்டி என்று வீடு வீடாக நோட்டீஸ் வருகிறது. வங்கியில் ஒரு லட்சத்துக்கு வருஷம் முழுக்கவே ஏறத்தாழ 7,000 ரூபாய்தான் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கியிடம் டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனம்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. இவர்கள் சொல்வதோ 96 சதவீதம். ஏஜென்டுக்குக் கமிஷன் தனி. நியாயமான எந்தத் தொழிலும் இதைத் தாங்காது. ஒரு வருஷம் வரைக்கும் நம் பணத்தையே நமக்கு மாதாமாதம் பிரித்துக் கொடுத்துவிடலாம். அதற்குள் புதிதாக நான்கு பேர் சேர்ந்துவிடுவார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரில் கம்பெனிப் பதிவுச் சான்றிதழும் ஜிஎஸ்டி சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கின்றன. "கவர்ன்மென்ட்ல பதிவு பண்ணதுதான்" என்று அவற்றைக் காட்டுகிறார்கள். இரண்டுமே பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கான அனுமதி அல்ல. ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கொடுக்கும் பத்திரத்தில் 'டெபாசிட்' என்ற சொல்லே கிடையாது. 'வர்த்தக ஒப்பந்தம்' என்று இருக்கிறது.

காவல் நிலையத்தில் சொன்னால், "ஏமாந்தவங்க யாராவது புகார் கொடுக்கட்டும்" என்கிறார்கள். வட்டி ஒழுங்காக வரும்வரை யார் புகார் கொடுப்பார்? வட்டி நிற்கிற நாளில் பணமும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். ஆருத்ரா நிறுவன விவகாரத்தில் அதுதானே நடந்தது? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாக போலீஸார் சொன்னார்கள். 2022-இல் சோதனை நடந்தபோது பெரும்பகுதிப் பணம் கைமாறி முடிந்திருந்தது. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இங்கே ஒரு ரூபாய்க்குக்கூட இல்லை.

முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பணம் கேட்டு விளம்பரம் செய்வதே குற்றம். பணம் போனபின்தான் குற்றம் என்றில்லை. அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி, நம்பத்தக்க தகவல் இருந்தாலே சொத்துகளைத் தற்காலிகமாக முடக்கலாம். அந்த நோட்டீஸ் ஒன்றே போதாதா? பொருளாதாரக் குற்றப் பிரிவு இந்த அலுவலகத்துக்கு இந்த வாரமே வந்து, ரிசர்வ் வங்கி அனுமதியைக் கேட்கட்டும்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய விளம்பரம் வெளியானால், இலவசமாக முழு மறுப்பு வெளியிடும்படி அரசு உத்தரவிட அதே சட்டம் இடம் தருகிறது. மறுப்பு வரும்போது ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர் போட்டு முடித்திருப்பார். ஆகவே விளம்பரத்துக்குப் பணம் வாங்கும் முன்பே ரிசர்வ் வங்கிச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். தராதவர்களைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
குடியாத்தம்.