வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

"கணியம்பாடியில் இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, பாகாயத்துல சி.எம்.சி. இருக்கு. பிளாட் ஒரு நாள்கூடக் காலியா கிடக்காது. முப்பது லட்சத்துக்கு மாசம் பத்தாயிரம் வாடகை, சுளையா 4 சதவீதம். தவணையை வாடகையே கட்டிடும்." வேலூர் – ஆரணி சாலையில் இடம் பார்க்கப் போனால் தரகர் சொல்வது ஏறக்குறைய இதுதான். ஒரு பழைய இரண்டு படுக்கையறை பிளாட்டை உதாரணமாக வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதல் கோளாறு வகுக்கும் எண்ணில். 30 லட்சத்துக்கு முத்திரைத்தாள் 7, பதிவு 2 என 9 சதவீதம், அதாவது 2.70 லட்சம் போகும். தரகும் பெயின்டும் 80,000 என்றால் உங்கள் கையை விட்டுப் போனது 33.50 லட்சம்.

அடுத்து, "காலியா கிடக்காது" என்ற பேச்சு. மாணவர்களும் பயிற்சிக்கு வருபவர்களும் படிப்பு முடிந்ததும் கிளம்புவார்கள். புதியவர்கள் வரச் சில வாரங்கள் ஆகும். ஆண்டுக்கு ஒன்றரை மாதம் காலி என்று வைத்தால் வாடகை 1,05,000தான். காலியாக இருக்கும்போதும் அசோசியேஷன் பராமரிப்புத் தொகையை நீங்கள்தான் கட்டவேண்டும். அதற்கும் புது ஆள் பிடிக்கும் தரகுக்கும் 5,000, வீட்டு வரி 3,000, மோட்டார், குழாய், பெயின்ட் என்று சராசரியாக 10,000. மிஞ்சுவது 87,000, 33.50 லட்சத்துக்கு 2.6 சதவீதம்.

"ரிப்பேர் பில்லைக் காட்டினா வருமான வரி குறையும்" என்பதும் தவறு. வந்த வாடகையில் நீங்களே கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் சட்டமே தள்ளுபடி செய்துவிடுகிறது. ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும் தள்ளுபடி அதேதான். வீட்டு வரியை அந்த ஆண்டில் கட்டாமல் விட்டால் அதையும் கழிக்க முடியாது. இங்கே 1,02,000இல் 30 சதவீதம் போக 71,400க்கு வரி. 20 சதவீத வரம்பில் இருப்பவர், செஸ் சேர்த்து, சுமார் 14,850 கட்டுவார். கையில் நிற்பது 72,150, அதாவது 2.15 சதவீதம். இது கடன் இல்லாமல் வாங்கியவருக்கு.

கடன் வாங்கினால்? 24 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 20,830. முதல் ஆண்டு வட்டி மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டுவதால் வாடகைக்கு வரி வராது, அதுவரை சரி. ஆனால் 87,000ஐ மொத்தத் தவணையில் கழித்தாலும் மாதம் 13,500க்கு மேல் சம்பளத்திலிருந்து போடவேண்டும். பழைய வரி முறையில் இந்த வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் இரண்டு லட்சம் வரை ஈடுகட்டலாம். புதிய முறையில் அந்த வழி அடைபட்டுவிட்டது; தரகர் அதைச் சொல்ல மாட்டார், தணிக்கையாளரிடம்தான் கேட்கவேண்டும்.

விலை ஏறும் என்பார்கள். ஏறலாம். ஆனால் ஏறுவது பெரும்பாலும் உங்கள் பங்கு மனையின் விலைதான். கட்டடம் ஆண்டுக்காண்டு தேயும். ஆகவே பத்திரத்தில் பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுரடி என்று முதலில் பாருங்கள். விற்பவரிடம் இரண்டு வருட வங்கிப் பாஸ்புக்கைக் கேளுங்கள். வாடகை வராத மாதங்கள் அதில் வெற்றிடமாகத் தெரியும். காட்டத் தயங்கினால் ஒன்றரை மாதத்தை மூன்றாக்கிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.