"கச்சான் போடேல்லை" என்ற பதில் போதாது

போன வருசப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னம், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளியிருக்கும் அக்கா ஒருவரிடம் ஒரு பை முறுக்கு வாங்கினேன். என் மகளுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. அதனால் வழக்கம்போலக் கேட்டேன்.

"அக்கா, இதுக்குள்ள கச்சான் போட்டனீங்களோ?"

"என்ன தம்பி, முறுக்குக்குள்ள ஆரும் கச்சான் போடுவினமோ?"

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் மகள் அரை முறுக்குத் தின்று பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது. உடம்பெல்லாம் தடித்தது. மூச்சு இழுக்கத் தொடங்கியது. மனைவி எபிபென் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு 911ஐ அழைத்தா. ஆஸ்பத்திரியில் இரவு வரை வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

அடுத்த நாள் அக்காவிடம் ஆறுதலாக விசாரித்தபோதுதான் விசயம் விளங்கியது. முதலில் மிக்சருக்குக் கச்சானைப் பொரித்திருக்கிறா. பிறகு அதே தாச்சியில், அதே எண்ணெயில் முறுக்கைப் பிழிந்திருக்கிறா. முறுக்கு மாவுக்குள் கச்சான் இல்லை. எண்ணெய்க்குள் இருந்தது. நான் கேட்ட கேள்வியே பிழை.

இந்த ஒன்ராறியோவில் இதே மாதிரி ஒரு பிள்ளை செத்துப்போயிருக்கிறாள். பெம்புரோக்கைச் சேர்ந்த சப்ரினா ஷனன் என்ற 13 வயதுப் பிள்ளைக்குப் பால் ஒவ்வாமை இருந்தது. 2003இல் பள்ளிக்கூட உணவகத்தில் அவள் வாங்கிச் சாப்பிட்டது உருளைக்கிழங்குப் பொரியல். அதில் பால் இல்லை. சீஸ் எடுத்த இடுக்கியாலேயே பொரியலையும் எடுத்திருக்க வேண்டும் என்றுதான் கருதப்பட்டது. அவளுடைய பெயரில் வந்த 'சப்ரினா சட்டம்' 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம்முடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் எபிபென் பற்றியும் ஒவ்வாமை பற்றியும் இவ்வளவு கவனமாக இருப்பதற்கு அதுதான் காரணம். இடுக்கி செய்ததை எங்கள் வீட்டில் தாச்சி செய்தது.

இனிப் பைக்குள் இருப்பதற்கு வருவோம். முன்கூட்டியே பொதி செய்து விற்கும் உணவில் சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக எழுத வேண்டும் என்பது கனடாச் சட்டம். கச்சான், மர விதைகள், எள்ளு, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், சோயா, கோதுமை, கடுகு, சல்பைற்று ஆகியவற்றைத் தெளிவான பெயரில் சொல்லியே ஆக வேண்டும். இந்த விதி 2012 ஓகஸ்ட்டில் இன்னும் இறுக்கமானது. வீட்டில் பொதி செய்து கடைக்குக் கொடுத்தால், பத்துப் பையென்றாலும் இதற்குள் வரும்.

"முறுக்கில என்ன இருக்குதெண்டு தெரியாத தமிழனோ?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ அவித்த கோதுமை மா, கால் கிலோ உழுத்தம் மா, 100 கிராம் மாஜரின், இரண்டு மேசைக்கரண்டி எள்ளு, உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் பெருங்காயம், பொரிக்க எண்ணெய். கோதுமையும் எள்ளும் எல்லாருக்கும் தெரிந்தவை. மாஜரினின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சோயா இருக்கும், சிலவற்றில் பாலும் இருக்கும். அதையும் லேபிளில் எழுத வேண்டும். போன கிழமை வாங்கிய மாஜரின் இந்தக் கிழமை மலிவில் வேறு கம்பெனியாக மாறினால், லேபிளும் மாற வேண்டியிருக்கும்.

பெருங்காயம் இன்னும் கள்ளமானது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கிறது. "இது தனி அரிசிமா முறுக்கு, குளூட்டன் இல்லை" என்று நம்பிக்கையோடு விற்பவர், ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தால் சொன்ன சொல்லைத் தானே பொய்யாக்குகிறார். பயித்தம் பணியாரத்திலும் இதே கதைதான். உள்ளே பயறும் சீனியும் தேங்காயும். வெளியே தோய்த்த கரைசலில் கோதுமை மா. பெயரைப் பார்த்து அது தெரியாது.

பெயர் என்றதும் இன்னொரு ஆபத்து. யாழ்ப்பாணத்தானுக்குக் கடலை வேறு, கச்சான் வேறு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் பலருக்குக் கடலை என்றாலே வேர்க்கடலை. ஆனால் கடலை மா என்றால் இரண்டு பேருக்குமே அது கச்சான் இல்லை. கடலை எண்ணெய் என்றால் அது கச்சான் எண்ணெய். ஒரே கடையில் இரண்டு சமூகமும் சாமான் வாங்கும் ஊரில், "கடலை" என்று மட்டும் எழுதிய லேபிள் எழுதாததைவிட மோசம். தமிழில் எழுதுங்கள், நல்லது. அதோடு ஆங்கிலத்தில் பீநட், செசமி, வீற் என்றும் எழுதுங்கள். "நட்ஸ்" என்று மட்டும் எழுதினாலும் போதாது. கஜு என்றால் கஷ்யூ, பாதாம் என்றால் ஆமன்ட் என்று பெயர் சொல்ல வேண்டும். நாட்டுக்குப் பொதுவான விதி ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். செய்த இடத்திலேயே விற்கிற உள்ளூர்ப் பொருளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

சரி, எண்ணெய்க்கு என்ன செய்வது? லேபிள் ஒட்டினால் மட்டும் அது தீராது. பொரிக்கும் ஒழுங்கை மாற்ற வேண்டும். புது எண்ணெயில் முதலில் முறுக்கு, கடைசியில் கச்சானும் கஜுவும். அந்த எண்ணெயை அடுத்த நாள் முறுக்குக்கு எடுக்கக்கூடாது. எண்ணெயை வடித்தால் தூள் போகும். புரதம் முழுக்கப் போகாது. முறுக்கு உரலில் எள்ளுச் சிக்கியிருந்தாலும் இதே பிரச்சினைதான். ஒழுங்கை மாற்ற முடியாவிட்டால், "கச்சான் கலந்திருக்கலாம்" என்று நேர்மையாக எழுதுங்கள். என் வீட்டுக்கு அந்த ஒரு வரி போதும். அந்தப் பையை நான் வாங்கமாட்டேன். ஆனால் துப்புரவாகச் செய்யச் சோம்பல்பட்டு எல்லாப் பையிலும் அதையே ஒட்டினால், நாளடைவில் ஆரும் அதை நம்பமாட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்குத் தயக்கமும் உண்டு. அந்த அக்கா பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பலகாரக் காசிலும் சமாளிக்கிறா. சட்டம், அதிகாரி என்றாலே பயந்து, கதவைப் பூட்டிக்கொண்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2020 ஜனவரி முதல் ஒன்ராறியோ, ஆபத்துக் குறைந்த வீட்டு உணவுகளுக்குச் சில விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. கை கழுவத் தனித் தொட்டி, உணவு கையாளும் சான்றிதழ் போன்றவை அவற்றுக்குக் கட்டாயமில்லை. நகரப் பொதுச் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பதும் பரிசோதனையும் மட்டும் விலகவில்லை. உங்கள் பலகாரம் அந்தப் பட்டியலில் வருமா என்று 311இல் கேட்டு அறியலாம்.

கூடிய பொறுப்புக் கடைக்காரர்களுக்குத்தான். காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் பெயரே இல்லாத பைகளை அடுக்கி வைப்பவர்கள் அவர்கள். "லேபிள் இல்லாட்டி எடுக்கமாட்டன் அக்கா" என்று ஒருமுறை சொன்னால், அடுத்த கிழமை லேபிளோடு வரும். வீட்டு அச்சுப்பொறியில் ஒரு தாளுக்குப் பத்து லேபிள் வெட்டலாம். செலவு சில சதம்.

அந்த அக்கா இப்போது என்ன செய்கிறா தெரியுமோ? மாஜரின் பெட்டி, பெருங்காய டப்பா, எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்து, அதைப் பார்த்து எழுதுகிறா. முறுக்கை முதலில் பொரிக்கிறா. என் மகள் இன்னும் அவருடைய முறுக்கைத் தின்பதில்லை; எங்களுக்குப் பயம் போகவில்லை. அக்கா அதைக் கோபமாக எடுக்கவுமில்லை. "வாசிச்சுப் போட்டு வேண்டாமெண்டு சொல்லுங்கோ தம்பி. வாசிக்காமல் வாங்காதேங்கோ" என்றா.