பதிவெண் மாறாதபோது பெயரை மாற்ற என்ன தடை?

பூக்கடை வைத்திருக்கும் ஒரு திருநங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர்தான் திரையில் வரும். அது ஓர் ஆணின் பெயர். “இது யாரோட அக்கவுண்ட்?” என்று கேட்கிறார். முழம் இருபது ரூபாய்க்குப் பூ விற்பவர், ஒவ்வொரு முழத்துக்கும் தன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரை மாற்றிக்கொண்டால் தீராதா என்று கேட்கலாம். மாற்றத்தான் அவரும் அலைகிறார்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 7-வது பிரிவு, மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று பெற்றவர் பிறப்புச் சான்றிலும் மற்ற அடையாள ஆவணங்களிலும் தன் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை தருகிறது. 2020-இல் வந்த விதிகள் இதை இன்னும் விரிவாகச் சொல்கின்றன. சான்றைக் காட்டி விண்ணப்பித்தால் ஆவணத்தை வழங்கிய அலுவலகம் 15 நாட்களுக்குள் பெயரையும் பாலினத்தையும் படத்தையும் மாற்றித் தர வேண்டும். ஆவணத்தின் எண் மட்டும் மாறக் கூடாது. மாற்ற வேண்டிய ஆவணங்களின் பட்டியலும் இணைப்பாக இருக்கிறது. ஆதார், பான், வாக்காளர் அட்டையோடு பள்ளி, கல்லூரிச் சான்றுகளும் அதில் உண்டு.

நடைமுறை வேறு மாதிரி. ஆட்சியர் சான்று கைக்கு வந்ததும் முதலில் ஆதாரை மாற்றுவதுதான் வழக்கம். கைரேகையும் கருவிழியும் அதே ஆளைக் காட்டுவதால் அங்கே ஓரளவு எளிதாக முடிகிறது. அடுத்து வங்கி. புதிய ஆதாரைப் பார்த்ததும், கணக்கில் இருக்கும் பழைய பெயர்க்காரரும் நீங்களும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். கெஜட் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஆட்சியர் சான்றை நீட்டினால், “இது எங்க லிஸ்ட்ல இல்லையே” என்பது பதில்.

கவுண்ட்டரில் இருப்பவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருக்கும் விதி அப்படி. வாடிக்கையாளரை அறிவதற்கான ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல், ஆவணம் வழங்கிய பிறகு பெயர் மாறியிருந்தால், மாநில அரசு தந்த திருமணச் சான்றோ அரசிதழ் அறிவிப்போ இணைக்கப்பட்டால் அந்த ஆவணம் செல்லும் என்கிறது. இந்த இரண்டுக்குப் பக்கத்தில் ஆட்சியரின் அடையாளச் சான்று எழுதப்படவில்லை. திருமணமாகிக் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஒரு தாளில் வேலை முடிகிறது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, ஆட்சியர் கையெழுத்திட்டுத் தந்த தாளுக்கு அந்த மதிப்பு இல்லை.

கெஜட்டில் போட்டுவிட்டுப் போகட்டுமே என்பவர்கள், அதில் என்ன அச்சாகிறது என்று ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இன்ன தேதியில் பிறந்து, இன்ன முகவரியில் வசிக்கும் இன்னார் இனி இன்னார் என்று அழைக்கப்படுவார் என்று இருக்கும். பழைய பெயரும் புதிய பெயரும் வீட்டு முகவரியும் ஒரே பத்தியில் யாரும் படிக்கும்படி என்றென்றைக்கும் நிற்கும். எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்பவருக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டைவிட்டு விரட்டப்பட்டு வேறு ஊரில் வாடகைக்கு இருக்கும் திருநம்பிக்கு அப்படி இல்லை. ஆட்சியர் சான்றின் படிவத்திலோ பிறப்புப் பெயருக்கென்று ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் சான்று வேண்டும் என்றால் அது அங்கேயே இருக்கிறது, ஊருக்குப் பறைசாற்றாமல்.

வங்கியைத் தாண்டினாலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் ஆதாரையும் மதிப்பெண் சான்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பெயர் ஒத்துவராவிட்டால் தேர்வானவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். கல்லூரிக்குப் போனால் பள்ளிச் சான்றை முதலில் மாற்றி வரச் சொல்கிறார்கள். பள்ளியோ, பதிவேட்டில் எழுதியது எழுதியதுதான் என்கிறது.

இந்தச் சுற்றை மணிப்பூர் உயர் நீதிமன்றம் 2025-இல் நேராக எதிர்கொண்டது. திருநங்கை மருத்துவர் பியான்சி லைஷ்ராம் ஆட்சியர் சான்று பெற்றவர். அடையாள அட்டைகளையும் மாற்றிவிட்டார். பல்கலைக்கழகமோ, திருத்தம் முதல் சான்றிதழிலிருந்து, அதாவது பத்தாம் வகுப்பு வாரியத்திலிருந்து தொடங்கி வர வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. சட்டமும் விதிகளும் ஒவ்வொரு அலுவலகத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் என்ற அடிப்படையில், புதிய பெயரிலும் பாலினத்திலும் சான்றிதழ்களை வழங்க வாரியத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்தே நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மருத்துவரே நீதிமன்றம் ஏறித்தான் இதைப் பெற முடிந்தது என்றால், பத்தாவதோடு படிப்பை விட்டவர் எந்த வழக்கறிஞரைத் தேடிப் போவார்?

எதிர்வாதம் ஒன்று உண்டு. கடன் வாங்கியவர், குற்ற வழக்கில் சிக்கியவர் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிவிட மாட்டாரா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடன் கணக்கு பான் எண்ணோடு போகிறது, ஆதார் எண் மாறுவதில்லை, தேர்வுப் பதிவெண்ணும் அதேதான். எண்ணை மாற்றக் கூடாது என்று விதி சொல்வதன் பயன் இதுதான். பழைய பெயர் அலுவலகத்தின் உள் பதிவேட்டில் இருக்கட்டும். நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் கொடுக்கட்டும். பூ வாங்க வந்தவருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் அதைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. மதிப்பெண் சான்று அன்றைய உண்மையைப் பதிந்த வரலாற்று ஆவணம் என்றும் சொல்கிறார்கள். கணக்கில் 87 எடுத்தது மாறப்போவதில்லை. எடுத்தவரைத் தேடினால் இன்றைய பெயரில்தான் கிடைப்பார்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சட்டம் பேசுவது முதற்பெயரைப் பற்றி மட்டும். தமிழருக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற பிரிவு ஏது? இனிஷியல்தான் உண்டு. ஆதாரில் ‘செ.’ என்று இருப்பது பானில் அப்பாவின் முழுப்பெயராக விரியும். பெயரை ஒரே மாதிரி மாற்றிய பிறகும் இந்த விரிவு ஒத்துப்போகாமல் ஆதார், பான் இணைப்பு நின்றுவிடுவதுண்டு. எனவே ஆட்சியர் சான்றுக்கு விண்ணப்பிக்கும் போதே இனிஷியலை எப்படி எழுதுவது என்று முடிவுசெய்து, எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து அதையே பின்பற்றுவது நல்லது. அரசு இதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிட்டுச் சொல்லலாம்.

திருநங்கைகளுக்கு 2008-லேயே நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அந்தப் பெருமையைப் பேசும் அரசு ஓர் அரசாணையை வெளியிட வேண்டும். ஆட்சியர் சான்றைக் காட்டினாலே போதும், அரசிதழோ நீதிமன்ற ஆணையோ கேட்கக் கூடாது என்று அது சொல்ல வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் பழைய மதிப்பெண் சான்றைத் திரும்பப் பெற்று ரத்து செய்து, அதே பதிவெண்ணில், ‘முன்னாள் பெயர்’ என்ற குறிப்பு ஏதுமின்றிப் புதியதை 15 நாட்களில் வழங்க வேண்டும். பள்ளியின் மாற்றுச் சான்றிதழுக்கும், மாநிலப் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்கும் இதுவே பொருந்தும் என்றும் எழுத வேண்டும். ரிசர்வ் வங்கி செய்ய வேண்டியது இன்னும் சிறியது. திருமணச் சான்று, அரசிதழ் என்ற வரியில் “மாவட்ட ஆட்சியர் வழங்கிய திருநர் அடையாளச் சான்று” என்ற சொற்களைச் சேர்த்தால் போதும். அடுத்த திருத்தச் சுற்றறிக்கையிலேயே இதைச் செய்யலாம்.