பட்டுச் சட்டையின் கமக்கட்டு: பழுது அலுமாரிக்குள்தான் நடக்குது



இது கொஞ்சம் நீளமான பதிவு. கலியாண வீடு, கோயில் திருவிழா, பாடசாலை விழா என்று பட்டுச்சாறி உடுக்கிற எங்கட தீவுப் பெண்கள் ஒருக்கா பொறுமையாக வாசியுங்கோ. வீட்டில் தைக்கிற ஆக்கள் இருந்தால் அவைக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ.

போன மாதம் என்னோடு படிப்பிக்கிற தங்கச்சி ஒருத்தி ஒரு பையோடு வந்தாள். உள்ளே அவளுடைய கலியாணச் சாறியின் சட்டை. கத்தரிப்பூ நிறப் பட்டு. கலியாணம் முடிந்து ஒன்பது மாதம். அன்று மத்தியான வெயிலில் ஆறு மணித்தியாலம் போட்டிருந்தாள். பிறகு கழற்றி, மடித்து, பொலித்தீன் பையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறாள். இப்போது சொந்தக்காரர் கலியாணத்துக்கென்று எடுத்துப் பார்த்தால் இரண்டு கமக்கட்டிலும் கத்தரிப்பூ நிறம் போய், வெளிறிய ரோசாவும் மண்ணிறமும் கலந்த திட்டு. அதைச் சுற்றி வரம்பு கட்டினது போல ஒரு கோடு. மினுக்கினால் சரிவரும் என்று சூடாக மினுக்கியிருக்கிறாள். அப்படியே போட்டுக்கொண்டு குறிகட்டுவானில் படகில் ஏறும்போது கையைத் தூக்கினாளாம், தையலோரம் கிழிந்துவிட்டது. கிழிந்தது தையல் நூல் இல்லை, தையலுக்குப் பக்கத்தில் இருந்த துணி.

"ரீச்சர், எனக்கு வேர்வை கூடவாம். மாமி அப்பிடித்தான் சொல்லுறா. இனி நல்ல ரோல் ஒன் வாங்கி ரெண்டு தரம் பூசப் போறன்" என்றாள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது. சட்டை கிழிந்ததுக்கு அவளுடைய உடம்பைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். அவளும் அதை நம்பி, சட்டையை இன்னும் கெதியாகக் கெடுக்கிற வழியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கலாசாலையில் மனைப்பொருளியலில் படித்ததையும், என்ர உம்மாவிடம் பார்த்துப் பழகினதையும் வைத்துச் சொல்கிறேன். பட்டுச் சட்டைக்கு வருகிற பெரும்பகுதிச் சேதம் கலியாண வீட்டில் நடப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, அலுமாரிக்குள் நடக்கிறது.

காரணம் இதுதான். உடம்பிலிருந்து அப்போதுதான் வந்த வேர்வை பெரும்பாலும் இலேசான அமிலத்தன்மை உள்ளது. துணியில் அது அப்படியே கிடந்தால், கிருமிகள் அதிலுள்ள பொருட்களை உடைத்து, போகப் போகக் காரத்தன்மை ஆக்கும். பட்டு என்பது பட்டுப்புழு தந்த புரத நூல். காரம் அதுக்கு ஆகாது, நூலின் பலம் குறையும். வேர்வையில் உள்ள உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பொலித்தீன் பைக்குள் அந்த ஈரம் வெளியே போகவும் வழியில்லை. துணிகளின் சாயம் வேர்வைக்குத் தாங்குமா என்று சோதிக்கிற சர்வதேச முறை ஒன்று இருக்கிறது. அதில் ஒரே துணியை அமிலமான செயற்கை வேர்வையிலும் காரமான செயற்கை வேர்வையிலும் தனித்தனியாக நனைத்து, 37 பாகை சூட்டில் 4 மணித்தியாலம் அழுத்தி வைப்பார்கள். புது வேர்வை செய்கிற வேலை வேறு, பழைய வேர்வை செய்கிற வேலை வேறு என்பதால்தான் இரண்டாலும் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைக்கு 4 மணித்தியாலம். தங்கச்சியின் சட்டை கிடந்தது ஒன்பது மாதம். அதுக்கு மேலே மினுக்கும் பெட்டியின் சூடும் சேர்ந்தது.

அடுத்தது ரோல் ஒன். வாசனை மட்டும் தருகிறவை ஒரு வகை, வேர்வையை நிறுத்துகிறவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில் அலுமினிய உப்புகள் இருக்கும். அவை அமிலத்தன்மையானவை. வேர்வையோடு சேர்ந்து துணியில் தடித்து, மஞ்சளாகப் படிந்துவிடும். இது புதுப் பிரச்சினையும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் ஓடோரோனோ என்று ஒரு வேர்வை மருந்து விற்றார்கள். அதிலிருந்த அலுமினியம் குளோரைட்டு துணியை அரித்துவிடும் என்பது அப்போதே தெரிந்த விசயம். அந்த அமிலத்தின் கடுமையைக் குறைக்கிற முறைக்கு 1941 இல்தான் அங்கே காப்புரிமை எடுத்தார்கள். இன்றைக்கு விற்பவை அவ்வளவு கடுமை இல்லை, ஆனாலும் பட்டுக்கு நல்லதில்லை. கட்டாயம் பூசத்தான் வேண்டுமென்றால் முதல்நாள் இரவு பூசிவிட்டு, காலையில் குளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சட்டையைப் போடுங்கோ. பூசின ஈரத்தோடு பட்டைப் போடாதீங்கோ.

இனி உம்மாவின் சட்டைக்கு வருகிறேன். தங்கச்சிக்குக் காட்ட அதையும் எடுத்து வந்தேன். முப்பது வருடத்துக்கு மேலான பச்சைப் பட்டு. உள்பக்கம் புரட்டினால் இரண்டு கமக்கட்டிலும் வெள்ளைப் பருத்தித் துண்டு. ஒவ்வொரு தரமும் போட்டுக் கழற்றினதும் உம்மா அந்தத் துண்டைப் பிரித்து, தோய்த்து, திரும்பப் பிடித்து வைப்பா. சட்டையின் நிறம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அந்தத் துண்டைச் செய்வது சுகம். நன்றாகத் தோய்த்துப் பழகின, சாயம் போகாத பழைய வெள்ளைப் பருத்தித் துணி எடுங்கோ. ஆறு அங்குல அகலமான வட்டமாக, ஒரு கைக்கு இரண்டு வீதம் நாலு துண்டு வெட்டுங்கோ. இரண்டிரண்டாகச் சேர்த்து ஓரம் தைத்தால் கைக்கு ஒரு தடித்த வட்டம் வரும். அதை நடுவில் மடித்து, மடிப்பைக் கைக்குழித் தையலின் அடிப்பகுதியில் வையுங்கோ. அரைவட்டம் கைக்குள் போகும், மற்ற அரைவட்டம் உடல் பக்கம் படியும். மடிப்பின் இரண்டு முனை, கையின் உள்தையல், பக்கத் தையல் என்று நாலு இடத்தில் கைநூலால் இலேசாகப் பிடித்தால் போதும். உள்ளே விட்டிருக்கிற தையல் துணியில் மட்டும் பிடியுங்கோ, வெளியே தெரிகிற பட்டில் ஊசி போகக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் நூலை வெட்டி எடுத்து, துண்டைத் தனியாகத் தோய்க்கலாம்.

"சட்டைக்குத்தான் லைனிங் இருக்கே" என்று சிலர் கேட்பீங்கள். பல சட்டைக்குப் போடுகிற லைனிங் பொலியெஸ்ரர். அது வேர்வையை உறிஞ்சாது, அப்படியே பட்டுக்குக் கடத்திவிடும். தைக்கக் கொடுக்கும்போதே பருத்தி லைனிங் கேளுங்கோ. கைக்குழியை இறுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கோ. எங்கட ஊரில் கைக்குழி உடம்போடு ஒட்டியிருந்தால்தான் வடிவு என்று ஒரு எண்ணம். ஒட்டியிருந்தால் வேர்வை முழுக்கத் துணிக்குள் அமுங்கும், கையைத் தூக்கும்போது முழு இழுவையும் அந்த நலிந்த இடத்தில்தான் விழும். இதில் தைக்கிற அக்காமாரைவிட, இறுக்கச் சொல்லிக் கேட்கிற எங்களில்தான் பிழை கூட.

துண்டு வைத்தாலும் சட்டைக்குக் கொஞ்சம் ஈரம் போகும். கழற்றின உடனே உள்பக்கம் புரட்டி, நிழலில் காற்றுப்பட விரித்துப் போடுங்கோ. வேர்வை பட்டிருந்தால் அன்றைக்கோ அடுத்த நாளோ தண்ணியில் அலச வேண்டும். முதலில் சாயத்தைச் சோதியுங்கோ. உள்தையலில் ஒரு இடத்தை நனைத்து, வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கோ. சாயம் ஏறாவிட்டால் முழுச் சட்டையையும் பச்சைத் தண்ணியில் அலசலாம். கமக்கட்டை மட்டும் நனைத்தால் நீர்க்கோடு விழும். குழந்தைப்பிள்ளை ஷாம்பு ஒரு தேக்கரண்டி போதும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் காரமானது. சில சலவைத்தூளில் உள்ள நொதியம் புரதத்தைக் கரைக்கும், பட்டும் புரதம்தான். குளோரின் வெளுப்பான் பக்கமே போகவேண்டாம். ஈரப் பட்டு பலம் குறைந்தது, ஆகவே கசக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அழுத்தி, நிழலில் காயவிடுங்கோ. வேர்வை போகாமல் மினுக்கவே கூடாது.

தண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கட தீவுகளில் அநேகமான கிணறு உவர். வேர்வை உப்பைப் போக்கக் கிணற்று உப்பில் அலசினால் என்ன பிரயோசனம்? மழைத்தண்ணி அல்லது குடிக்கிற தண்ணி எடுங்கோ. எங்களுக்குக் குடிதண்ணியின் அருமை தெரியும், அதனால் அளவாகச் சொல்கிறேன். ஒரு சட்டைக்குச் சின்னப் பேசினில் இரண்டு தரம், மொத்தம் ஏழெட்டு லீற்றர் காணும். கடைசி அலசலில் நாலு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி விட்டால், மிச்சமிருக்கிற காரம் போகும்.

சாயம் போகிற சட்டை, சரிகை வேலை, கல் வேலை நிறைந்த சட்டையென்றால் முழுக்க நனைக்க வேண்டாம். ஈரத் துணியால் உள்பக்கம் ஒற்றி ஒற்றி எடுத்து, ஈரத்தின் ஓரத்தை உலர்ந்த துணியால் ஒற்றிப் பரவவிடுங்கோ. யாழ்ப்பாணத்துக்கு ட்ரை கிளீனிங் கொடுக்கிறதென்றால் "கமக்கட்டில் வேர்வை இருக்கு" என்று வாயால் சொல்லிக் கொடுங்கோ. ட்ரை கிளீனிங் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும். உப்பு தண்ணியில் கரைகிற சாமான், அதுக்குத் தனியாகப் பார்த்தால்தான் போகும்.

தங்கச்சியின் சட்டைக்கு என்ன நடந்தது? போன நிறம் திரும்பாது, உளுத்த நூலுக்குப் பலமும் திரும்பாது. அதை மறைக்காமல் சொன்னேன். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். திட்டுக்கு உள்ளே இழைகள் விலகி, சின்னச் சின்னக் கீறலாகத் தெரிந்தது. திட்டுக்கு வெளியே துணி நெருக்கமாக, நல்லதாகவே இருந்தது. அதனால் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்தோம். அவளுடைய சாறியில் இடுப்பில் செருகுகிற உள்தலைப்பும் அதே நிறம். வெளியே தெரியாத அந்த முனையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, கமக்கட்டுக்கு நாலு அங்குலச் சதுரமாக வைத்துத் தைத்துத் தந்தா ஊரில் தைக்கிற அக்கா. சதுரம் வைத்ததால் கைக்குழியும் கொஞ்சம் இளகிவிட்டது. உள்ளே உம்மாவின் முறையில் பருத்தி வட்டம்.

இனி ஒருவருடைய சட்டை கமக்கட்டில் மங்கியிருந்தால் "உனக்கு வேர்வை கூட" என்று சொல்லாதீங்கோ. இந்த வெயிலில், இந்த உப்புக்காற்றில், படகேறிப் போய் வருகிற எல்லாருக்கும் வேர்க்கும். கலியாண வீட்டால் வந்த அன்று அந்தச் சட்டையை எங்கே வைத்தாள் என்று கேளுங்கோ. இன்றைக்கு இரவு உங்கட அலுமாரியில் பொலித்தீன் பைக்குள் இருக்கிற பட்டுச் சட்டையையும் ஒருக்கா வெளியே எடுத்துப் பாருங்கோ.