கற்றலும் நடத்தையும்

டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த பயிற்சி மதிப்பீட்டு முறை, பயிற்சி பெற்றவரின் மனநிறைவை அறியும் எதிர்வினை, அறிவும் திறனும் கூடியதைச் சோதிக்கும் கற்றல், கற்றதைப் பணியிடத்தில் கையாளும் நடத்தை, நிறுவனத்திற்குக் கிட்டிய விளைவு என நான்கு நிலைகளைக் கொண்டது. மனிதவள வினாக்களில் தடுமாற்றம் தருவது இரண்டாம், மூன்றாம் நிலைகளைப் பிரித்தறிவதே. வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் பயிற்சியின் இறுதியில் ஊழியர் ஒரு பாவனை உரையாடலில் திறம்படப் பேசினால், அது செயலாகத் தோன்றினும் வகுப்பறைக்குள் அளக்கப்படுவதால் கற்றலே. மூன்று மாதம் கழித்து உண்மையான அழைப்புகளில் அவர் பயிற்சியில் கற்ற முறையைப் பின்பற்றுகிறாரா என மேற்பார்வையாளர் கேட்டுக் குறிப்பது நடத்தை. புகார்கள் குறைவது விளைவு. ஆயினும் அதே காலத்தில் பொருளின் தரமும் உயர்ந்திருக்கலாம் என்பதால், பயிற்சி பெறாத குழுவோடு ஒப்பிடாமல் அக்குறைவைப் பயிற்சியின் கணக்கில் சேர்ப்பது முறையன்று.